அடுப்பு இல்லாத மேசை: இலையில் ஸ்டார்ச் சோதனையை வீடியோ எடுத்த அனுபவம்

இலையில் ஸ்டார்ச் இருக்கிறதா என்று அயோடின் கொண்டு பார்க்கும் சோதனையை எல்லோரும் பள்ளியில் படித்திருப்போம். இலையை வெந்நீரில் போட்டு, பிறகு ஆல்கஹாலில் சூடாக்கி, பச்சை நிறம் போனதும் கழுவி, அயோடின் விட்டால் ஸ்டார்ச் உள்ள இடம் கருநீலமாகும். பாடப்புத்தகத்தில் நாலு வரி. ஆனால் பள்ளி ஆய்வகத்தில் செய்யும் சோதனைகளில் எனக்கு அதிகப் பயம் தருவது இதுதான். காரணம் அந்த இரண்டாவது படி. எளிதில் தீப்பற்றும் ஒரு திரவத்தைச் சூடாக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் பள்ளியில் இதை வீடியோவாக எடுக்க முடிவு செய்ததற்குக் காரணம் நேரமும் கூட்டமும். ஒரு பீரியடுக்குள் முடியாது. முடிந்தாலும் முன்வரிசைப் பிள்ளைகளுக்குத்தான் இலையின் நிறம் தெரியும். சரி, போனில் எடுத்து வகுப்பில் போட்டுக் காட்டலாம் என்று நானும் கணக்கு சாரும் உட்கார்ந்தோம். படம் பிடிப்பதும் வெட்டி ஒட்டுவதும் அவர் வேலை. சோதனையும் பேச்சும் என்னுடையது. கூடவே பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர்.

தொடங்குமுன் நான் ஒன்றை உறுதியாகச் சொன்னேன். படத்தில் தீ எங்கேயும் வரக்கூடாது. இணையத்தில் கிடைக்கும் இதே சோதனையின் வீடியோக்களில், ஸ்பிரிட் விளக்குக்கு மேல் கம்பிவலை, அதன் மேல் ஆல்கஹால் உள்ள பீக்கர் என்று நேரடியாகவே சூடாக்குவதைப் பார்த்திருக்கிறேன். பின்னணிக் குரல் மட்டும் "கவனமாகச் செய்ய வேண்டும்" என்று சொல்லும். வீட்டில் செய்து பார்க்கும் பிள்ளைக்கு அந்தக் குரல் நினைவில் இருக்காது, மேசையில் என்ன எங்கே இருந்தது என்பதுதான் நினைவில் இருக்கும். அதனால் எச்சரிக்கை பேச்சில் இருந்தால் போதாது. படத்தில் தெரியும் ஏற்பாடே பாதுகாப்பானதாக இருக்க வேண்டும்.

"அடுப்பு இல்லாம எப்படி டீச்சர் கொதிக்கும்?" என்று கணக்கு சார் கேட்டார். விடை கொதிநிலையில் இருக்கிறது. எத்தனால் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். தண்ணீருக்கு 100 டிகிரி வேண்டும். ஆகவே கொதித்து இறக்கிய தண்ணீரே எத்தனாலைக் கொதிக்க வைக்கப் போதும். மின்கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒரு பெரிய பீக்கரில் ஊற்றி, எத்தனாலும் இலையும் உள்ள கொதிகுழாயை அதற்குள் நிற்க வைத்தால் சற்று நேரத்தில் குமிழிகள் வரும். எத்தனால் கிடைக்காத பள்ளிகளில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வைத்துச் செய்யலாம். அது 82 டிகிரி வாக்கில் கொதிக்கும், பச்சையத்தையும் கரைக்கும். விளக்குக்கு ஊற்றும் ஸ்பிரிட்டும் வேலை செய்யும். ஆனால் அதில் மெத்தனால் கலந்திருக்கலாம், மெத்தனாலின் ஆவியும் நஞ்சு. அதனால் அதை நான் எடுக்கவில்லை.

தீ எங்கேயும் இருக்கக்கூடாது என்பதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருந்தேன் என்று சொல்ல வேண்டும். எத்தனால் கொதித்தால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். நம் ஊர் அறை வெப்பத்திலேயே தீப்பற்றும் அளவுக்கு அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருக்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலையாமல் மேசையோடு தவழ்ந்து, தள்ளி இருக்கும் விளக்கைக்கூடப் போய்த் தொடும். பற்றிக்கொண்டால் அந்தச் சுடர் வெளிறிய நீலமாக இருக்கும், ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. படம் எடுக்கும்போது மேசையில் வெளிச்சம் மிக அதிகமாக இருக்கும் என்பதையும் இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

எங்கள் ஏற்பாடு இப்படி இருந்தது. கெட்டில் வேறொரு மேசையில், சுவர் ப்ளக் பக்கத்தில். படப்பிடிப்பு மேசையில் மின்கம்பியே கிடையாது. கொதிகுழாயில் சுமார் 15 மில்லி எத்தனால், அதாவது குழாயின் கால்பங்குதான். அதற்கு மேல் ஊற்றினால் திடீரென்று பொங்கி வெளியே தெறிக்கலாம். அளந்து ஊற்றியதும் எத்தனால் பாட்டிலை மூடி, பக்கத்து அறை அலமாரிக்குக் கொண்டுபோய்விட்டு, அதன் பிறகுதான் வெந்நீரைக் கொண்டுவந்தோம். இந்த வரிசையைப் படத்திலும் காட்டினோம். பாட்டிலை மூடி ஒரு கை படச் சட்டத்துக்கு வெளியே எடுத்துப் போகிறது, அப்புறம்தான் வெந்நீர் உள்ளே வருகிறது. மூன்று வினாடிக் காட்சி. வீடியோவில் என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமான மூன்று வினாடி அதுதான். மேசை ஓரத்தில் நனைத்த துண்டு ஒன்றும், பீக்கரை மூடும் அளவுக்கு ஒரு தட்டும் இருந்தன. எரியும் ஆல்கஹாலை மூடி அணைக்க வேண்டும், மேலே தண்ணீரை வாரி ஊற்றினால் தெறித்துப் பரவும். செய்பவர் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தார். குழாயின் வாய் ஆளைப் பார்க்காமலும் கேமராவைப் பார்க்காமலும் சாய்ந்திருந்தது.

இங்கே ஒரு சிக்கல் வந்தது. ஆவி வெளியேற ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். திறந்தால் தெருச் சத்தம், மைதானத்துச் சத்தம் எல்லாம் உள்ளே வரும். மின்விசிறி ஓடினால் அதன் இரைச்சலோடு இலையும் தாளும் பறக்கும். நல்ல ஒலிக்காக ஜன்னலைச் சாத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் பேச்சைத் தனியாகப் பதிவு செய்வது என்று முதலிலேயே முடிவாயிற்று. அது வேறு வகையிலும் நன்மையாக முடிந்தது. சூடான எத்தனாலைக் கையாளுகிறவர் அதே நேரத்தில் கேமராவுக்காகப் பேசவும் வேண்டியிருந்தால் கவனம் இரண்டாகும். எங்கள் படத்தில் கை வேலையை மட்டும் பார்த்தது.

இனி இலை. பல நூல்களில் வண்ணத் திட்டு உள்ள மணி பிளாண்ட் அல்லது குரோட்டன்ஸ் இலையைச் சொல்வார்கள். மணி பிளாண்ட் இலை தடித்தது, மேலே மெழுகுப் பூச்சு உண்டு, நிறம் போக வெகு நேரமாகும். குரோட்டன்ஸ் பால் தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும். பள்ளி வாசலில் இருந்த சாதாரணச் செம்பருத்தியையே எடுத்தோம். இலை மெல்லியது, சீக்கிரம் வெளுக்கும். தொட்டியில் இருந்த சிறிய செடி ஒன்றை இரண்டு நாள் இருட்டான அறையில் வைத்தோம். ஏற்கெனவே சேர்ந்திருக்கும் ஸ்டார்ச் செலவாக இந்த இருட்டு வேண்டும். அதன்பின் ஓர் இலையின் நடுவில் ஒரு சென்டிமீட்டர் அகலக் கறுப்புத் தாளை இரண்டு பக்கமும் மூடும்படி மடித்து, ஜெம் கிளிப் போட்டுப் பிடித்து, செடியை வெயிலில் வைத்தோம்.

கிளிப் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள். "மிஸ், இந்தத் தாள் வெளிச்சத்தை மட்டுமா மறைக்குது? காத்தையும்தானே மறைக்கும்?"

அவள் கேட்டது முழுக்கச் சரி. இலைக்குக் கார்பன் டைஆக்சைடு போகும் துளைகளையும் அந்தத் தாள் மூடுகிறது. தாளுக்குக் கீழ் ஸ்டார்ச் இல்லாமல் போனதற்கு இருட்டு காரணமா, காற்று போகாதது காரணமா என்று எப்படிப் பிரிப்பது? படத்தைப் பார்க்கிற வேறு பிள்ளைகளுக்கும் இது தோன்றும். அதே அகலத்தில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் ஒன்றை வெட்டி, அதே இலையில் நுனிப் பக்கமாக, அதே மாதிரி மடித்துக் கிளிப் போட்டோம். காற்றை அதுவும் மறைக்கும், வெளிச்சத்தை விடும். இப்போது இரண்டு பட்டைகளுக்கும் உள்ள வித்தியாசம் வெளிச்சம் மட்டும்தான். அவளுடைய கேள்வியை அவள் குரலிலேயே பிறகு பதிவு செய்து வீடியோவில் வைத்தோம். பிளாஸ்டிக் பட்டை ஏன் அங்கே இருக்கிறது என்று நான் விளக்குவதைவிட, அந்தக் கேள்வி வந்ததும் அடுத்த காட்சியில் பட்டை வருவது தெளிவாக இருந்தது.

இன்னொரு வேலையும் செய்தோம். வெயிலில் வைக்கும் முன்பே, இருட்டிலிருந்து வந்த செடியின் ஓர் இலையைப் பறித்துத் தனியாக எடுத்து வைத்தோம். இருட்டில் ஸ்டார்ச் உண்மையிலேயே தீர்ந்துவிட்டதா என்று அந்த இலைதான் சொல்லும். வெந்நீரிலும் ஆல்கஹாலிலும் போய்வந்த பிறகு எல்லா இலையும் ஒரே மாதிரி வெளிறிக் கிடக்கும், ஒட்டிய லேபிள் எதுவும் தங்காது. அதனால் இருட்டு இலையின் ஓரத்தில் கத்தரிக்கோலால் ஒரு வெட்டு, வெயில் இலையில் இரண்டு வெட்டு. ஒவ்வொரு கட்டத்தின் நெருக்கக் காட்சியிலும் அந்த வெட்டு சட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்று கணக்கு சாரிடம் சொல்லியிருந்தேன். முதல் காட்சியில் பார்த்த இலைதான் கடைசியில் நீலமானது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. சமையல் நிகழ்ச்சியில் முன்பே வெந்து வைத்த பாத்திரத்தை எடுத்துக் காட்டுவது போல, அறிவியல் வீடியோவில் இலையை மாற்றக்கூடாது.

வெயிலில் காலையிலிருந்து மதியம் தாண்டும் வரை, சுமார் ஐந்து ஆறு மணி நேரம் வைத்தோம். நல்ல வெயில் நாளாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். மேகமூட்டமான நாளில் ஸ்டார்ச் குறைவாகச் சேரும். கடைசியில் நீலம் மங்கலாக வந்தால் எல்லாரும் கேமராவைக் குறை சொல்வார்கள்.

படப்பிடிப்பு நாளன்று முதலில் ட்யூப்லைட்டை அணைத்தோம். நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி, போன் வழக்கமாக வினாடிக்கு 30 சட்டம் எடுக்கும். இரண்டும் ஒத்துப்போகாதபோது படத்தில் பட்டை பட்டையாக நிழல் ஓடும். பழைய சோக் வைத்த ட்யூப்லைட்டில் இது நன்றாகவே தெரியும். அமைப்புகளில் இதைச் சரிசெய்யப் பார்க்கலாம், ஆனால் ஜன்னல் பக்கம் மேசையைப் போட்டு, பகல் வெளிச்சத்தில் எடுப்பது எல்லாவற்றையும்விட எளிது. ஜன்னல் பக்கவாட்டில் இருக்க வேண்டும். எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருந்தால், நெருங்கும்போது அவர் நிழலே பொருள் மேல் விழும்.

வெந்நீர்க் கட்டத்தை மேலிருந்து எடுக்கக்கூடாது. நீராவி லென்ஸில் படிந்து, படம் மெல்ல மெல்ல மங்கும். எடுக்கும்போது இது தெரியாது, பிறகு பார்க்கும்போது இலை பனிக்குள் இருப்பது போலிருக்கும். போன் தவறிப் பீக்கருக்குள் விழவும் வழியிருக்கிறது. பக்கவாட்டில், பீக்கரின் உயரத்துக்கே ட்ரைபாடை இறக்கி வைத்தோம். பின்னால் ஒரு வெள்ளைச் சார்ட் தாள். கறுப்புப் பின்னணி வைத்தால் நீராவி அழகாகத் தெரியும், கணக்கு சாருக்கு அதில் ஆசை. ஆனால் இங்கே நாம் காட்ட வேண்டியது ஆல்கஹாலுக்குள் பச்சை நிறம் இறங்குவதை. அந்த நிறம் வெள்ளைக்கு எதிரில்தான் தெரியும். எந்தப் பின்னணி என்பதை எதைக் காட்டப்போகிறோம் என்பதுதான் தீர்மானிக்க வேண்டும்.

வெந்நீரில் இலையை ஒரு நிமிடம் முக்கி எடுத்தோம். செல்கள் செத்து, சவ்வுகள் உடைந்து, இலை துவளும். அதன் பின் ஆல்கஹாலும் அயோடினும் எளிதாக உள்ளே போகும். பேச்சில் இதற்கு ஒரு வாக்கியம் போதும். அடுத்து இலையைத் தளர்வாகச் சுருட்டிக் கொதிகுழாய்க்குள் இட்டு, எத்தனாலில் மூழ்கச் செய்து, புதிதாகக் கொதித்த நீர் உள்ள பீக்கரில் வைத்தோம்.

எங்கள் படத்தில் முதலில் கிடைத்த பச்சை, நேரில் பார்த்த பச்சையாக இல்லை. ஆல்கஹாலின் நிறம் ஏற ஏற, வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறங்களைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையைப் போன் தானாகவே மாற்றிக்கொண்டே வந்தது. பச்சை கூடியதும் அதை ஈடுகட்டப் படத்தை ஊதா கலந்த சிவப்புப் பக்கம் தள்ளியது. வெளிச்ச அளவையும் கூடவே மாற்றியது. பார்ப்பவருக்கு நிறம் ஏறுகிறதா இல்லையா என்றே தெரியாத நிலை. இதற்கு வழி, தொடங்கும் முன்பே எல்லாவற்றையும் பூட்டிவிடுவது. ஐபோனில் திரையில் ஓர் இடத்தைச் சில வினாடி அழுத்திப் பிடித்தால் AE/AF LOCK என்று வரும், வெளிச்சமும் குவியமும் அத்தோடு நிற்கும். பல ஆண்ட்ராய்டு போன்களில் Pro என்ற முறையில் WB என்ற வெள்ளைச் சமநிலையையும் ISO என்ற ஒளியுணர்திறனையும் கையால் நிறுத்தலாம். நிறம் மாறுவதுதான் செய்தி என்னும் எந்தச் சோதனைக்கும் தானியங்கி முறை ஆகாது.

எட்டு ஒன்பது நிமிடத்தில் இலை வெளிர் மஞ்சளானது. நடுவில் வெந்நீர் ஆறிக் குமிழிகள் நின்றபோது, பழைய நீரைக் கொட்டிவிட்டுக் கெட்டிலிலிருந்து புதிதாக ஊற்றினோம். இதையும் படத்தில் விட்டுவைத்தோம். இல்லாவிட்டால் வீட்டில் செய்யும் பிள்ளை, குமிழி நின்றதும் அடுப்பைத் தேடும். இந்த எட்டு நிமிடத்தை வேகமாக ஓட்டி அரை நிமிடமாகச் சுருக்கினோம். பீக்கர் பக்கத்தில் ஒரு கடிகாரம் வைத்திருந்ததால், வேகமாக ஓடுவது பார்ப்பவருக்குத் தானாகத் தெரிந்தது.

ஆல்கஹாலிலிருந்து எடுத்த இலை முறுமுறுவென்று இருக்கும், விரித்தால் உடையும். மறுபடி ஒரு கணம் வெதுவெதுப்பான நீரில் முக்கினால் மெத்தென்றாகும். அதன் பிறகு குளிர்ந்த நீரில் நன்றாக அலச வேண்டும். இந்த அலசல் வெறும் சுத்தத்துக்காக இல்லை. ஸ்டார்ச்சும் அயோடினும் சேர்ந்து வரும் நீலம் சூட்டில் மறைந்துவிடும், ஆறினால் திரும்பி வரும். சூடான இலையில் அயோடின் விட்டு, "நீலம் வரலையே" என்று இலையைத் தூக்கிப்போட்டவர்கள் உண்டு. நீலம் வரவில்லையென்றால் முதலில் இலையின் சூட்டைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது வருவதுதான் வீடியோவின் உயிர்நாடி. அயோடின் விடும் அந்த ஒரு காட்சிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் செலவழித்தோம்.

இலையை வெள்ளைப் பீங்கான் ஓட்டில் விரிப்பதுதான் வழக்கம். கண்ணுக்கு அது நன்றாக இருக்கிறது. போனுக்கு அப்படி இல்லை. சட்டம் முழுக்க வெள்ளை நிறைந்தால், போன் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் படத்தை இருட்டாக்கும். கருநீலம் வெறும் கறுப்பாகிவிடும். பார்க்கிறவருக்கு இலை கருகிப்போனது போல இருக்கும். நீலம் என்று நாம் சொல்வோம், திரையில் கறுப்பு தெரியும். பிள்ளைகள் நம் சொல்லை நம்பித்தான் ஆகவேண்டும் என்றால் வீடியோவே தேவையில்லை.

மூன்று மாற்றங்கள் செய்தோம். ஓட்டுக்குப் பதில் கண்ணாடிப் பெட்ரித் தட்டு. அதை இரண்டு புத்தக அடுக்குகளுக்கு இடையே பாலம் போல வைத்த கண்ணாடிப் பலகையின் மேல் வைத்தோம். பலகைக்குக் கீழே, மேசையில் ஒரு வெள்ளைத் தாளை ஜன்னல் பக்கம் சற்றுச் சாய்த்து வைத்ததும், வெளிச்சம் அதில் பட்டு எழும்பி இலையை ஊடுருவி வந்தது. மேலிருந்து மட்டும் வெளிச்சம் பட்டபோது கறுப்பாகத் தெரிந்தது, கீழிருந்து வந்தபோது நரம்புகளுக்கு இடையே நீலமாகத் தெரிந்தது. அடுத்து, அயோடினை நீர்த்துப்போகச் செய்தோம். ஆய்வகப் பாட்டிலில் இருக்கும் அயோடின் கரைசல் அடர்த்தியான பழுப்பு. அப்படியே விட்டால் ஸ்டார்ச் இல்லாத இடமும் பழுப்பேறி எல்லாம் ஒன்றாகிவிடும். இளம் மஞ்சள் பழுப்பாகும் வரை நீர் சேர்த்தோம். நிறம் மெதுவாக ஏறியது. கேமராவுக்கு அந்த மெதுவே நல்லது. மூன்றாவது, அயோடின் விட்டு ஓரிரு நிமிடத்தில் அதை வடித்து, நீரால் அலசிவிட்டு, தட்டில் மெல்லிய நீர்ப்படலத்தோடு முடிவுக் காட்சியை எடுத்தோம். அலசியதும் வெறும் பழுப்பு போய்விடும், ஸ்டார்ச்சின் நீலம் நிற்கும்.

இங்கே ஆவி இல்லை, எத்தனாலும் மேசையை விட்டுப் போய்விட்டது. ஆகவே மேலிருந்து எடுக்கலாம். போனை இலைக்கு மிக அருகில் கொண்டுபோனால் குவியம் கிடைக்காது. சில போன்கள் அருகில் போனதும் தாமாகவே வேறு லென்ஸுக்கு மாறும், படம் குதிக்கும், நிறமும் மாறும். ஒரு அடி தள்ளி நின்று இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்ததில் அந்தத் தொல்லை இல்லை, நிழலும் விழவில்லை. ஈர இலையில் ஜன்னல் பளிச்சென்று பிரதிபலித்தது. தட்டைச் சற்றுத் திருப்பி, அந்தப் பளபளப்பு இலையை விட்டு விலகும் இடத்தைப் பார்த்து நிறுத்தினோம். பக்கத்தில் ஒரு சின்ன அளவுகோல் வைத்ததால் பட்டையின் அகலம் ஒரு சென்டிமீட்டர் என்பதும் தெரிந்தது.

முதலில் இருட்டு இலை. அயோடின் விட்டோம், இளம் பழுப்பு மட்டும். அடுத்து வெயில் இலை, இரண்டு வெட்டுள்ளது. சொட்டுப்பானிலிருந்து அயோடின் விழுந்தது முதல் நிறம் நிலைக்கும் வரை ஒரே தொடர்ச்சியான காட்சி, வெட்டே இல்லை, வேகமாக்கவும் இல்லை. கறுப்புத் தாள் இருந்த பட்டை மஞ்சளாகவே நின்றது. வெயில் பட்ட இடங்கள் கருநீலம். பிளாஸ்டிக் பட்டை இருந்த இடமும் நீலமானது, ஆனால் மற்ற இடங்களைவிடச் சற்று வெளிறி.

அந்த வெளிறலை என்ன செய்வது என்று எங்களுக்குள் பேச்சு வந்தது. "குழப்பமா இருக்கும், அந்தப் பக்கத்தைச் சட்டத்துக்கு வெளியே விட்டுடலாமா?" என்றார் கணக்கு சார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பிளாஸ்டிக் காற்றை ஓரளவு தடுத்திருக்கிறது, அதனால் ஸ்டார்ச் குறைந்திருக்கலாம். மாணவி கேட்ட கேள்வியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்பதை அந்த வெளிறலே காட்டுகிறது. ஆனால் கறுப்புப் பட்டையில் நீலம் அடியோடு இல்லாமல் போனதற்குக் காற்று மட்டும் காரணமாக இருக்க முடியாது. அந்தப் பட்டையை இன்னும் நெருக்கமாகக் காட்டி, இரண்டையும் ஒரே சட்டத்தில் வைத்தோம்.

பேச்சை இதற்கெல்லாம் பிறகு எழுதினேன். ஓடும் படத்தைப் பார்த்துக்கொண்டே எழுத வேண்டும். கண்ணுக்குத் தெரிவதை மறுபடி வாயால் சொல்ல வேண்டியதில்லை. "இப்போது குழாயைப் பீக்கரில் வைக்கிறோம்" என்று முதலில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு இப்படி மாற்றினேன்: "பீக்கரில் இருப்பது வெந்நீர் மட்டும். எத்தனால் உள்ளே இருக்கும் குழாயில் இருக்கிறது. எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும், அதனால் இந்தச் சூடே போதும். இந்த மேசையில் எங்கேயும் தீ இல்லை." படம் காட்ட முடியாதவை வெப்பம், அளவு, காரணம், கழிந்த நேரம். பேச்சுக்கு உரிய வேலை அவைதான்.

அயோடின் காட்சிக்கு எழுதியது இன்னும் குறைவு. சொட்டு விழும் முன் ஒரே வாக்கியம்: "கறுப்புத் தாள் இருந்த பட்டையையும் பிளாஸ்டிக் இருந்த பட்டையையும் பாருங்கள்." அதன் பின் பேச்சே இல்லை, நிறம் ஏறி முடியும் வரை. எங்கே பார்க்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிட வேண்டும், என்ன தெரியும் என்று சொல்லக்கூடாது. வகுப்பில் போட்டபோது அந்த மௌனத்தில்தான் பிள்ளைகள் தாங்களாகவே "அங்க வரல, அங்க வரல" என்று சொன்னார்கள். முடிவைச் சொல்லும் வாக்கியத்திலும் கவனம் வேண்டும். "ஒளிச்சேர்க்கை நிரூபிக்கப்பட்டது" என்று அயோடின் சொல்வதில்லை. "வெளிச்சம் பட்ட இடத்தில் ஸ்டார்ச் இருக்கிறது, படாத இடத்தில் இல்லை" என்பது மட்டுமே இந்த இலை சொல்வது. அதை அப்படியே சொல்லி, ஸ்டார்ச் அங்கே எப்படி வந்திருக்கும் என்பதை வகுப்பு விவாதத்துக்கு விட்டேன்.

பதிவு செய்தது வீட்டில், துணிகள் நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதன் முன்னால். துணி எதிரொலியை விழுங்கிவிடும். போனை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் பிடித்தால் 'ப', 'ஃ' ஒலிகளில் காற்று மோதும் சத்தம் வராது. ஆய்வகத்தில் கிடைத்த அசல் ஒலியை முழுக்க நீக்கவில்லை. வெந்நீர் ஊற்றும் சத்தத்தையும் இடுக்கி கண்ணாடியில் படும் சத்தத்தையும் தாழ்வாக அடியில் ஓடவிட்டோம். இசை சேர்க்கவில்லை.

முகங்கள் எதுவும் படத்தில் இல்லை, கைகள் மட்டும். பிள்ளைகளின் பெற்றோரிடம் குரலுக்கும் கைக்கும் அனுமதி கேட்டிருந்தோம். கடைசிக் காட்சியாக, பச்சையேறிய எத்தனாலை ஆறவைத்து, பெயர் எழுதிய பாட்டிலில் ஊற்றி மூடுவதை வைத்தோம். அந்தப் பச்சை நீரைப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்குக் குளிர்பானம் போலத் தோன்றும் என்பதால், குடிநீர் பாட்டிலில் ஊற்றவே கூடாது. ஆய்வகப் பாட்டிலில், "எத்தனால், தீப்பற்றும்" என்று எழுதிய லேபிள் கேமராவைப் பார்த்தபடி இருக்க ஊற்றினோம். அதே பாட்டிலை அடுத்த வகுப்பில் இலை வெளுக்க மீண்டும் பயன்படுத்தலாம், பச்சை மிக அடர்த்தியாகும் வரை வேலை செய்யும்.

இப்போது கணக்கு சார் இருட்டு இலைக் காட்சியை மட்டும் மறுபடி எடுக்க வேண்டும் என்கிறார். அதில் ஓர வெட்டு பாதி சட்டத்துக்கு வெளியே போயிருக்கிறது. செடியை நேற்று மாலை இருட்டறைக்குள் வைத்திருக்கிறோம்.